குழந்தைக்கு முன்னால் தொப்புள்கொடி வந்துவிட்டால்: வீட்டிலிருந்து அறுவை அறை வரை

பனிக்குடம் உடைந்த பிறகு, குழந்தையின் தலையையோ பிட்டத்தையோ முந்திக்கொண்டு தொப்புள்கொடி கருப்பை வாயைத் தாண்டி இறங்கிவிடுவதைத் தொப்புள்கொடி நழுவல் என்கிறோம். பிரசவ அறையில் யாரும் இவ்வளவு நீட்டிச் சொல்வதில்லை. ‘கார்ட் புரோலாப்ஸ்’ என்று ஒருவர் குரல் கொடுத்தால் போதும், மற்றவர்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு ஓடி வருவார்கள். ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிலிருந்து ஆறு வரைதான் இப்படி நேர்கிறது. அதனால் பினாங்கில் பிரசவ அறைக்குப் புதிதாக வந்து சேரும் தாதி ஒருவர் தம் முதல் ஆண்டில் இதைக் காணாமலேயே இருந்துவிடலாம். காணும் நாளில் பாடப்புத்தகத்தைப் புரட்ட நேரம் இருக்காது.

இந்தக் கட்டுரையின் முற்பகுதியை எட்டு, ஒன்பது மாதக் கர்ப்பிணி இருக்கும் வீட்டாரும் படிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். பிற்பகுதி பிரசவ அறைக்குப் புதிதாக வந்திருக்கும் தாதியருக்கு. இரண்டையும் இணைப்பதற்காக, நான் பணியில் இருந்தபோது வந்து சேர்ந்த ஒரு தாயின் காலைப் பொழுதை உடன் எடுத்துக்கொள்கிறேன். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

உள்ளே நடப்பது என்ன

தொப்புள்கொடிக்குள் மூன்று குழாய்கள் இருக்கின்றன. ஒரு சிரை நஞ்சுக்கொடியிலிருந்து உயிர்வளி நிறைந்த இரத்தத்தைக் குழந்தைக்குக் கொண்டு வருகிறது; இரண்டு தமனிகள் பயன்படுத்திய இரத்தத்தைத் திரும்ப அனுப்புகின்றன. கொடி கீழே இறங்கிவிட்டால் குழந்தையின் தலைக்கும் தாயின் இடுப்பெலும்புக்கும் நடுவில் அது மாட்டிக்கொள்கிறது. தோட்டத்துக் குழாயின் மேல் கார்ச் சக்கரம் ஏறி நின்றால் தண்ணீர் நிற்பதுபோல, ஒவ்வொரு வலியின்போதும் தலை கீழே அழுந்த, இரத்த ஓட்டம் நிற்கிறது. வலி தணியும்போது ஓரளவு திரும்புகிறது. இது முதல் ஆபத்து. கொடி வெளியே வந்து குளிர்ந்தாலோ, கைபட்டுக் கசங்கினாலோ அதன் குழாய்கள் தாமாகவே சுருங்கிக்கொள்வது இரண்டாவது ஆபத்து.

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் ஒவ்வொரு செயலுக்கும் காரணம் தானாக விளங்கும். தலையைக் கொடியின் மேலிருந்து தூக்க வேண்டும். கொடியைத் தொடாமல் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் விடாமல் செய்துகொண்டே குழந்தையை வெளியே எடுக்கும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

யாருக்கு நேரும்

தலை இடுப்புக்கூட்டுக்குள் நன்றாக இறங்கி அடைத்துக்கொண்டிருந்தால் கொடி நழுவ வழியில்லை. இடைவெளி இருந்தால்தான் அது நழுவும். குழந்தை குறுக்காகக் கிடப்பது, நிலை மாறிக்கொண்டே இருப்பது, பிட்டம் கீழே இருப்பது, 37 வாரத்துக்கு முந்திய பிரசவம், இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த எடை, பனிநீர் மிகுதி, இரட்டையரில் இரண்டாவது குழந்தை, பல பிள்ளை பெற்றுத் தளர்ந்த வயிறு ஆகிய எல்லாமே அந்த இடைவெளியின் வெவ்வேறு பெயர்கள்தாம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏறத்தாழப் பாதி நேரங்களில் நாம் செய்யும் சிகிச்சை ஒன்றுக்குப் பின்னால்தான் இது நேர்கிறது. தலை உயரத்தில் மிதந்துகொண்டிருக்கும்போதே பனிக்குடத்தைக் கருவியால் உடைப்பது அதில் முதன்மையானது. தலை மிதக்கிறது என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்த தாதிக்குத் தெரிந்தால், மருத்துவர் கருவியைக் கேட்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். உடைத்தே ஆக வேண்டுமென்றால் அறுவை அறை தயாராக இருக்கும்போது உடைக்க வேண்டும்.

நான் சொல்லவந்த தாய்க்கு 34 வயது, மூன்றாவது பிரசவம், 36 வாரம். பனிநீர் மிகுதி என்றும், குழந்தை ஒரு முறை குறுக்காகவும் மறுமுறை தலை கீழாகவும் இருந்தது என்றும் அவருடைய இளஞ்சிவப்புப் புத்தகத்தில் எழுதியிருந்தது. குழந்தையின் நிலை இப்படி மாறிக்கொண்டிருந்தால் 37 வாரம் முடிந்ததும் மருத்துவமனையில் தங்கியிருப்பது பற்றிப் பேசுவது வழக்கம். அவருக்கு அந்த வாரம் வரவில்லை. ஆனால் சுகாதாரக் கிளினிக்கிலிருந்த தாதி ஒருவர், கணவரையும் உட்கார வைத்து, தண்ணீர் உடைந்தால் என்ன பார்க்க வேண்டும், கயிறுபோல ஏதாவது தெரிந்தால் எப்படிக் கவிழ்ந்து படுக்க வேண்டும் என்று மேசையின் மேல் தம் கையையே மடக்கிக் காட்டியிருக்கிறார்.

வீட்டில்: பார்ப்பது, அழைப்பது, கவிழ்வது

காலை 5.40 மணிக்கு ஆயர் ஈத்தாமில் ஐந்தாம் மாடி வீட்டில் அவருக்குப் பனிக்குடம் உடைந்தது. குளியலறைக்கு நடந்து போகும்போது தொடையில் ஏதோ வெதுவெதுப்பாகத் தட்டியது என்றார். கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்த கணவர் கண்டது, சுண்டுவிரல் பருமனில், நீலம் பாய்ந்த வெள்ளையாக, முறுக்கிய கயிறுபோல, வழவழவென்று பளபளத்த ஒரு வளையம். தொப்புள்கொடி அப்படித்தான் இருக்கும். அதில் துடிப்பு தெரியலாம், தெரியாமலும் போகலாம். வெளியே ஒன்றும் தெரியாமல், உள்ளே ஏதோ தொங்குகிறது என்ற உணர்வு மட்டும் இருப்பதும் உண்டு. மேற்சொன்ன இடைவெளிக் காரணங்களில் ஒன்று உள்ள தாய்க்கு அந்த உணர்வே போதும். உள்ளே விரல்விட்டுத் தேடிப் பார்க்கக் கூடாது.

அவர் முதலில் செய்ய நினைத்தது, பெரும்பாலான கணவர்கள் செய்ய நினைப்பதுதான்: மனைவியைக் கைத்தாங்கலாக மின்தூக்கிக்கு நடத்திக்கொண்டு போய்க் காரில் உட்கார வைத்து மருத்துவமனைக்கு ஓட்டுவது. தூரம் ஆறு கிலோமீட்டர்கூட இராது. ஆனால் நிற்கும்போதும் நடக்கும்போதும் காரில் நிமிர்ந்து உட்காரும்போதும் குழந்தையின் முழு எடையும் கொடியின் மேல்தான் இறங்கும். ஆகவே 999-ஐ அழைப்பதும் தாயைக் கவிழ்ப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டுத் தரையில் வைத்துவிட்டால் இரண்டு கைகளும் விடுபடும்.

அழைப்பை எடுப்பவரிடம் மலாயில் மூன்று செய்திகளைச் சொன்னால் போதும். ‘ஆயர் கெத்துபான் பெச்சா’ என்றால் பனிநீர் உடைந்துவிட்டது. ‘தாலி பூசாட் தெர்கெலுவார்’ என்றால் தொப்புள்கொடி வெளியே வந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை வாரம் என்பதும் முகவரியும் மாடி எண்ணும். மலாயில் தாலி என்றால் கயிறு. அன்று காலை பக்கத்து அறையிலிருந்து எழுந்து வந்த மாமியார், மகன் ‘தாலி, தாலி’ என்று கத்துவதை மட்டும் கேட்டு மருமகளின் கழுத்தைப் பார்த்தாராம். இப்போது அந்த வீட்டில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கவிழ்ந்து படுக்கும் நிலையை முழங்கால்–மார்பு நிலை என்பார்கள். தாய் மெத்தையிலோ பாயிலோ முழங்காலிட்டு முன்னால் குனிந்து, மார்பையும் ஒரு பக்கக் கன்னத்தையும் தரையோடு சேர்த்து வைக்க வேண்டும். தொழுகையில் நெற்றி தரையில் படும் நிலையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும், ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே பிட்டம் குதிகாலின் மேல் உட்காரக் கூடாது. தொடை தரைக்கு நட்டுக்குத்தாக நிற்க, பிட்டமே உடலின் உச்சியாக இருக்க வேண்டும். முழங்கால்களைச் சற்று அகட்டி வைத்தால் வயிற்றுக்கு இடம் கிடைக்கும். பெரும்பாலும் பிழையாவது தொடையின் கோணத்தில்தான். களைப்பில் தாய் மெல்ல மெல்லப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். அருகில் ஒருவர் இருந்து இடுப்பைத் தாங்கிக்கொள்ள வேண்டும். நிலை சரியாக இருந்தால் குழந்தை தாயின் நெஞ்சுப்பக்கம் சரியும், கொடியின் மேலிருந்த பாரம் விலகும்.

கொடியை என்ன செய்வது என்று எல்லாரும் கேட்பார்கள். ஒன்றும் செய்யக் கூடாது. உள்ளே தள்ளக் கூடாது, துடிக்கிறதா என்று பிடித்துப் பார்க்கக் கூடாது, எண்ணெயோ வெந்நீரோ படக் கூடாது. சுத்தமான உலர்ந்த துணியையோ மாதவிடாய்ப் பஞ்சையோ மேலே லேசாக அணைத்து வைத்தால் காற்றுப் பட்டுக் குளிராமல் இருக்கும், அவ்வளவுதான். தாய்க்குக் குடிக்கவோ சாப்பிடவோ கொடுக்கக் கூடாது, ஏனென்றால் அரைமணி நேரத்தில் அவருக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். மாமியார் கலக்கிய மைலோவைக் கணவர் திருப்பி அனுப்பியது சரி.

விதிவிலக்கு ஒன்று உண்டு. தாய்க்கு அடக்க முடியாமல் முக்கல் வந்து குழந்தையின் தலை வெளியே தெரிகிறது என்றால், குழந்தை வெளியே வருவதுதான் விரைவான வழி. அப்போது அவரைக் கவிழ்த்து வைத்துத் தடுக்காமல், 999-இல் இருப்பவர் சொல்வதைக் கேட்டுப் பிரசவத்தை நடக்க விட வேண்டும்.

மீதி உள்ள ஒருவர் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கீழே போய் ஆம்புலன்ஸை எதிர்கொண்டு, மின்தூக்கியைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பழைய அடுக்குமாடிகள் சிலவற்றில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்பதில்லை. எந்த மாடியில் நிற்கும், அங்கிருந்து எந்தப் படிக்கட்டு என்பதை மேலே வரும் உதவியாளர்களுக்குச் சொல்ல ஆள் இருந்தால் சில நிமிடங்கள் மிச்சமாகும். இளஞ்சிவப்புப் புத்தகம் தாயோடு போக வேண்டும்.

வண்டியில்

ஓடும் ஆம்புலன்ஸில் முழங்கால்–மார்பு நிலை ஆபத்தானது. வளைவில் தாய் உருண்டுவிடுவார், அவரைப் பட்டையால் கட்டவும் முடியாது. அதனால் தள்ளுபடுக்கைக்கு மாற்றும்போதே நிலையையும் மாற்ற வேண்டும். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடுப்புக்கு அடியில் இரண்டு தலையணைகளையோ சுருட்டிய போர்வையையோ கொடுத்து, இடுப்பு தோளைவிட உயரமாக இருக்கும்படி செய்ய வேண்டும். கீழ்க்கால் ஓரளவு நீண்டும் மேற்கால் மார்பை நோக்கி மடங்கியும் இருக்கும். படுக்கையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்த முடிந்தால் தாழ்த்தலாம். தலையணையைத் தலைக்குக் கொடுப்பது நம் கைப்பழக்கம். இங்கே தலைக்கு ஒன்றும் வேண்டாம், எல்லாம் இடுப்புக்கே.

அந்தத் தாய் 6.02-க்கு ஆம்புலன்ஸில் ஏறினார். உடன் வந்த உதவியாளர் புறப்படும் முன்பே பிரசவ அறைக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லியிருந்தார். அந்த ஒரு அழைப்பினால், அவசரப் பிரிவில் பதிவுக்காக நிற்காமல் அவரை நேரே மேலே கொண்டுவர எங்களால் சொல்ல முடிந்தது.

பிரசவ அறையில்: முதல் இரண்டு நிமிடங்கள்

இனி வருவது புதிய தாதியருக்கு. மருத்துவமனைக்குள் நேரும் நழுவலில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் கொடியாக இராது, இதயத்துடிப்பாகவே இருக்கும். குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 110-க்கும் 160-க்கும் நடுவில் துடிக்க வேண்டும். பனிக்குடம் உடைந்த சிறிது நேரத்தில் சி.டி.ஜி. தாளில் துடிப்பு திடீரென்று 80, 70 என்று விழுந்து எழாமல் கிடந்தாலும், ஒவ்வொரு வலியோடும் செங்குத்தாக விழுந்து விழுந்து எழுந்தாலும், நழுவலை நினைத்து உடனே கையுறை அணிந்து உள்பரிசோதனை செய்ய வேண்டும். துடிப்பு இயல்பாக இருந்து, இடைவெளிக் காரணம் எதுவும் இல்லாமல், தானாகப் பனிக்குடம் உடைந்த தாய்க்கு இதற்காக மட்டும் உள்பரிசோதனை தேவையில்லை. ஆனால் பனிக்குடம் உடைந்த ஒவ்வொரு தாய்க்கும் இதயத்துடிப்பைக் கேட்டே ஆக வேண்டும்.

விரலுக்குக் கொடி மென்மையாக, வழுக்கிக்கொண்டு, துடிப்போடு தென்படும். குழந்தையின் விரல்களையோ கருப்பை வாயின் வீங்கிய உதட்டையோ கொடி என்று மயங்குவதுண்டு. துடிப்பு இருந்தால், மற்றொரு கையால் தாயின் மணிக்கட்டு நாடியைப் பிடித்து ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் இருந்தால் தொட்டது தாயின் இரத்தக்குழாயாக இருக்கலாம். துடிப்பே இல்லையென்றால் குழந்தை இறந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. கொடி கைக்குத் துடிக்காதபோதும் வயிற்றின் மேல் டாப்ளர் வைத்தாலோ ஸ்கேனில் பார்த்தாலோ இதயம் அடித்துக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறோம்.

கொடி என்று தெரிந்த பிறகு, உள்ளே போன கை வெளியே வரக் கூடாது. புதியவர்கள் அதிர்ச்சியில் செய்யும் முதல் பிழை, கையை எடுத்துவிட்டு உதவிக்கு ஓடுவதுதான். கை இருந்த இடத்திலேயே இருக்க, குரலால் உதவியை அழைத்து, அழைப்பு மணியை அழுத்த வேண்டும். இரண்டு விரல்களைத் தலையின் மேல் ஊன்றி, கொடியை ஒதுக்கியபடி, தலையை மேல்நோக்கித் தூக்கிப் பிடிக்க வேண்டும். அழுத்தம் தலையின் மேல் இருக்க வேண்டும், கொடியின் மேல் இருக்கக் கூடாது. அளவுக்கு மீறி ஒரேயடியாகத் தள்ளினால் இன்னும் நீளமாகக் கொடி இறங்க வழி ஏற்பட்டுவிடும். இதயத்துடிப்பு ஏறும் அளவு தூக்கினால் போதும். ஓடி வந்தவர்கள் ஆக்சிடோசின் டிரிப் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துவார்கள், கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்துவார்கள், தாயை ஒருக்களித்தோ கவிழ்த்தோ வைப்பார்கள், ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறிப்பார்.

கொடியைக் கருப்பைக்குள் திருப்பி ஏற்ற முயலக் கூடாது. வெளியே தொங்கும் பகுதியைத் தேவைக்கு மேல் தொடவும் கூடாது. வெதுவெதுப்பான சலைனில் நனைத்த துணியைச் சுற்றும் வழக்கம் சில இடங்களில் உண்டு, ஆனால் அதனால் பயன் என்று நிறுவப்படவில்லை. சலைன் சுட வைக்க ஓர் ஆளை அனுப்புவதைவிட அந்த ஆளை அறுவை அறைக்கு அனுப்புவதே மேல் என்பது என் கருத்து.

சிறுநீர்ப்பையை நிரப்புவது

நம் தாய் 6.19-க்குப் பிரசவ அறைக்கு வந்தார். கருப்பை வாய் நான்கு சென்டிமீட்டர் திறந்திருந்தது. தலை கீழ்ப்பக்கமாகத் திரும்பியிருந்தாலும், இடுப்புக்கூட்டுக்குள் இறங்காமல் உயரத்திலேயே மிதந்தது. ஒரு வளையம் கொடி யோனிக்குள் இருந்தது. துடிப்பு 90. நான் தலையைத் தூக்கிப் பிடித்ததும் 120-க்கு வந்தது. வலி வந்தபோது மீண்டும் சரிந்தது. அறுவை செய்வதென்று மருத்துவர் அப்போதே முடிவு செய்துவிட்டார். ஆனால் அறுவை மேசையில் வேறொரு தாய்க்குத் தையல் நடந்துகொண்டிருந்தது. குறைந்தது பத்து நிமிடம் ஆகும் என்றார்கள்.

பத்து நிமிடம் இரண்டு விரல்களால் ஒரு தலையைத் தாங்குவது எளிதன்று. மூன்றாம் நிமிடத்தில் விரல் மரத்துப்போகும், ஐந்தாம் நிமிடத்தில் நாம் தூக்குகிறோமா, வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கிறோமா என்பதே தெரியாது. இதற்காகத்தான் சிறுநீர்ப்பையை நிரப்பும் முறை இருக்கிறது. வேகோ என்ற மருத்துவர் 1970-இல் எழுதி வெளியிட்டது. கருப்பைக்கு முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பை நிரம்பினால், உள்ளிருந்தே குழந்தையின் தலையை இடுப்புக்கூட்டிலிருந்து மேலே தூக்கிவிடும். கூடவே வலியின் வேகத்தையும் தணிக்கும்.

செய்முறை எளியது. 16 எண் ஃபோலி கத்தீட்டரைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, அதன் பலூனை நிரப்பி நிலைநிறுத்த வேண்டும். சலைன் பையோடு இணைத்த டிரிப் குழாயின் நுனியைக் கத்தீட்டரின் வெளிமுனையில் அழுத்திச் செருகி, பையை உயரப் பிடித்து முழுவேகத்தில் ஓடவிட வேண்டும். 500 மில்லிலிட்டரிலிருந்து 750 வரை போகலாம். பிறகு கத்தீட்டரைக் கிளாம்ப் போட்டு இறுக அடைத்து, சிறுநீர் சேகரிக்கும் பிளாஸ்டிக் பையை அதற்கு அப்பால் இணைக்க வேண்டும். அடைக்காமல் இணைத்துவிட்டால் ஊற்றியது முழுவதும் அந்தப் பிளாஸ்டிக் பைக்குள் இறங்கிவிடும். பதற்றத்தில் இது நடக்கும். விலா எலும்புவரை முட்டுகிறது என்று தாய் சொல்வார், அது இயல்புதான் என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

அன்று 500 மில்லி போனதும், என் விரலுக்கு மேலே தலை தானாக விலகிப் போனதை உணர்ந்தேன். துடிப்பு 136-க்கு வந்து அங்கேயே நின்றது. அதற்குப் பிறகுதான் கையை எடுத்தேன். வலி அடுத்தடுத்து வந்துகொண்டிருந்ததால் மருத்துவரின் ஆணைப்படி டெர்பியூட்டலின் 0.25 மில்லிகிராம் தோலுக்கடியில் போடப்பட்டது. இது கருப்பையைத் தளர்த்தும். தாயின் நெஞ்சு படபடக்கும், இதய நோய் உள்ளவருக்கு மருத்துவர் யோசித்தே கொடுப்பார்.

எல்லாருக்கும் சிறுநீர்ப்பையை நிரப்ப வேண்டியதில்லை. மேசை காலியாக இருந்து உடனே போக முடிந்தால் கையால் தூக்கிக்கொண்டே தள்ளுபடுக்கையோடு ஓடுவதே விரைவு. கருப்பை வாய் முழுவதும் திறந்து தலையும் தாழ இறங்கியிருந்தால், வேக்யூமோ ஃபோர்செப்ஸோ வைத்து ஐந்து நிமிடத்தில் எடுப்பது அறுவையைவிட விரைவாக இருக்கலாம். அதை மூத்த மருத்துவர் முடிவு செய்வார். காத்திருக்க நேரும்போதும், சிறிய மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும்போதும்தான் நிரம்பிய சிறுநீர்ப்பை பெரிதும் கைகொடுக்கும்.

இத்தனைக்கும் நடுவில் தாயிடம் ஒருவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். முகத்துக்கு நேரே குனிந்து, குறுகிய வாக்கியங்களில் பேச வேண்டும். அவர் என்னிடம், “மிஸ்ஸி, பிள்ள இருக்கா?” என்று மட்டும் கேட்டார். “இருக்கும்மா, துடிப்பு கேக்குது பாருங்க. இப்ப ஆப்பரேஷன் பண்ணி எடுக்கப் போறோம்” என்று சொல்லி டாப்ளரின் ஒலியைக் கூட்டி வைத்தேன். ஒப்புதல் கேட்பதும் இப்படிப் பேசிக்கொண்டேதான்.

அறுவை அறையில், மறக்கக் கூடாத கிளாம்ப்

இதயத்துடிப்பு குலைந்திருந்தால் முடிவெடுத்த 30 நிமிடத்துக்குள் குழந்தை வெளியே வர வேண்டும் என்பது வழிகாட்டும் அளவு. முடிந்தால் அதற்கும் முன்பே. நிலை மாற்றியும் சிறுநீர்ப்பையை நிரப்பியும் துடிப்பு இயல்புக்கு வந்துவிட்டால் அவசரம் ஒரு படி குறையும், ஆனால் துடிப்பைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். துடிப்பு நன்றாக இருப்பதால் முதுகில் ஊசி போட நேரமிருக்கிறது என்று மயக்க மருத்துவர் சொன்னார். தாயை ஒருக்களித்த நிலையிலேயே வைத்து, ஒரே முயற்சியில் முடித்தார். முயற்சி தவறியிருந்தால் முழு மயக்கம்தான்.

அன்று ஒரு பிழை நடக்கவிருந்தது. கிளாம்ப் போட்டது நான். அறுவை அறைத் தாதியிடம் தாயை ஒப்படைத்தபோது கொடி, துடிப்பு, மருந்து எல்லாவற்றையும் சொன்னேன், சிறுநீர்ப்பையில் அரை லிட்டர் இருப்பதைச் சொல்லவில்லை. சிறுநீர் சேகரிக்கும் பிளாஸ்டிக் பை கட்டிலில் தொங்குவதைப் பார்த்து, வடிந்துகொண்டிருக்கிறது என்றே அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். வயிற்றில் மருந்து தடவும்போது அடிவயிறு புடைத்திருப்பதைக் கண்டு மருத்துவர் கத்தியை எடுக்காமல் நின்றார். நிரம்பிய சிறுநீர்ப்பை, கீறல் விழும் இடத்துக்கு நேரே வந்து நிற்கும். அது தெரியாமல் கீறினால் சிறுநீர்ப்பை கிழியும். வாசலிலேயே நின்றிருந்த நான் உள்ளே குரல் கொடுத்து, கிளாம்பைத் திறந்த பிறகுதான் கீறல் தொடங்கியது.

அதிலிருந்து நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கிளாம்ப் போடும்போதே அகலமான பிளாஸ்திரியில் ‘சிறுநீர்ப்பையில் 500 மில்லி, கிளாம்ப் அடைத்திருக்கிறது’ என்று மலாயில் எழுதித் தாயின் தொடையில் ஒட்டிவிடுவேன். கிளாம்பைத் திறப்பது வயிற்றுக்குள் நுழைவதற்குச் சற்று முன்புதான், முன்கூட்டியே திறந்தால் தலை மீண்டும் கொடியின் மேல் இறங்கிவிடும். அந்த நேரத்தைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், திறக்க வேண்டியவர் யார் என்பதைக் கீறலுக்கு முன் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும்.

6.46-க்கு ஆண் குழந்தை, 2.4 கிலோ. குழந்தை மருத்துவர் ஏற்கெனவே சூட்டு மேசையருகே நின்றிருந்தார். முதல் நிமிடத்தில் தளர்ந்து கிடந்த குழந்தைக்கு முகமூடியால் மூச்சு ஊட்டினார்கள். அப்கார் மதிப்பெண் 5. ஐந்தாம் நிமிடத்தில் 9. கொடியின் தமனியிலிருந்தும் சிரையிலிருந்தும் தனித்தனியே இரத்தம் எடுத்து அமிலநிலை பார்க்கப்பட்டது. உயிர்வளி எவ்வளவு குறைந்திருந்தது என்பதைப் பின்னால் சொல்வது அந்த இரண்டு சிறு ஊசிக்குழாய்கள்தாம்.

எல்லாக் குழந்தைகளும் இப்படித் தேறுவதில்லை. மருத்துவமனைக்கு வெளியே கொடி நழுவினால் குழந்தை இறக்கும் ஆபத்து, உள்ளே நழுவுவதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். இந்தக் குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கொடி நழுவிய நிலையில் ஓடியது. தலை உயரத்தில் மிதந்ததும், வலி முற்றாததும், வீட்டுத் தரையில் இருபது நிமிடம் தாய் பிட்டத்தைத் தாழ்த்தாமல் இருந்ததும் சேர்ந்து அந்த நேரத்தைக் கொடுத்தன.

மறுநாள் கட்டிலருகே உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து அவருக்கும் கணவருக்கும் சொன்னேன். அவசரத்தில் பாதிதான் காதில் விழுந்திருக்கும் என்பதால் இப்படித் திரும்பச் சொல்வதும் வேலையின் பகுதியே. அவருடைய முழங்கால் இரண்டும் சிராய்த்துச் சிவந்திருந்தன. வெறும் சிமெண்டுத் தரையாம், பாய் விரிக்கக்கூட நேரமில்லையாம். கணவர் ஒன்றுதான் கேட்டார். “நான் அவள நடக்க வச்சிருந்தா?” நடக்க வைக்கவில்லையே என்றேன். புத்தகத்தில் 5.40, 5.43, 6.02, 6.19, 6.46 என்று நேரங்களை வரிசையாக எழுதி, அடுத்த கர்ப்பத்தில் முதல் பரிசோதனையிலேயே இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லிக் கையெழுத்திட்டேன்.